குடும்பத்தோடு வெளிநாடு குடியேறும்போது மருத்துவக் காப்பீட்டை நடுவில் ரத்து செய்து, மீதி பிரீமியத்தைக் கேட்டு எழுதும் கடிதம்: முழு வழிகாட்டி

போன பிப்ரவரி தொடக்கத்தில், கீழக்கரையில் நான் மனு எழுதித் தரும் ஜெராக்ஸ் கடைக்கு எங்கள் தெருவில் அக்கா முறையான லாத்தா ஒருவர் வந்தார். கணவர் கனடாவில் வேலையில் இருக்கிறார். குடும்பத்துக்கே பி.ஆர்., அதாவது அங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, கிடைத்துவிட்டது. பிப்ரவரி 14 ராத்திரி லாத்தாவுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சென்னையிலிருந்து விமானம். கையில் ஏஜென்ட் எழுதிக் கொடுத்த ஒரு தாள். அதில் ஒரே ஒரு வரி: "வெளிநாடு செல்வதால் எனது பாலிசியை ரத்து செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்."

"தம்பி, இதுல கையெழுத்துப் போட்டா போதும்ல?" என்று கேட்டார்.

ரத்தாவதற்குப் போதும். ஆனால் காசு சரியாக வருவதற்குப் போதாது. அந்த வரியில் எந்தத் தேதியிலிருந்து ரத்து என்று இல்லை. இந்த வருடம் கிளைம் எதுவும் வாங்கவில்லை என்று இல்லை. எத்தனை நாள் மீதி, அதற்கு எவ்வளவு வர வேண்டும் என்றும் இல்லை. இந்த மூன்றையும் நாம் எழுதாவிட்டால் கம்பெனியே நிரப்பிக்கொள்ளும். அப்படி நிரப்பும்போது நமக்குக் குறையத்தான் வாய்ப்பு அதிகம். லாத்தாவின் கணக்கில் அந்த வித்தியாசம் 8,145 ரூபாயாக இருந்தது. அது எப்படி என்று கீழே சொல்கிறேன்.

வெளிநாட்டுக்குச் சபர் போவது நம் கடற்கரைக்குப் புதிதில்லை. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி, எங்கே பார்த்தாலும் வாப்பாவோ காக்காவோ கடல் தாண்டித்தான் இருப்பார்கள். ஆனால் அப்போதெல்லாம் குடும்பம் இங்கேயே இருக்கும், பாலிசியும் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டைப் பூட்டிவிட்டு மொத்தக் குடும்பமும் கிளம்புவது இப்போது அதிகமாகியிருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதத்தைக் கேட்டு வருகிறவர்களும் அதிகம்.

இங்கே சொல்வதெல்லாம் தனிநபர் அல்லது குடும்ப ஃப்ளோட்டர் மருத்துவ பாலிசிக்கு. ஆயுள் காப்பீட்டுக்கு இது பொருந்தாது. அங்கே மீதி நாளைக் கணக்குப் போட்டுத் தருவதில்லை, சரண்டர் மதிப்பு என்று வேறு கணக்கு. வண்டிக் காப்பீடும் வேறு வழி.

முதலில், ரத்து செய்யத்தான் வேண்டுமா?

வெளிநாட்டில் குடியேறினால் இங்குள்ள பாலிசி தானாகச் செத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பெரும்பாலான இந்திய மருத்துவ பாலிசிகள் இந்தியாவில் எடுக்கும் சிகிச்சைக்குத்தான் பணம் தரும். அதைத் தவிர, பாலிசிதாரர் எந்த நாட்டில் குடியிருந்தாலும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். வருடா வருடம் ஊருக்கு வந்து மதுரையில் பார்த்துக்கொள்வோம் என்கிறவர்கள் அதை வைத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது. ரத்து செய்தால் இத்தனை வருடம் சேர்ந்த காத்திருப்புக் காலம் எல்லாம் போய்விடும். பத்து வருடம் கழித்துத் திரும்பி வந்து எடுத்தால் புதுப் பாலிசிதான். ஏற்கனவே இருக்கும் நோய்களுக்கு அதிகபட்சம் 36 மாதம் வரை காத்திருக்கச் சொல்லலாம்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பாலிசியில் ஊரில் தங்கப்போகிற யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். தொண்டிப் பக்கம் ஒரு குடும்பம், மகன் பாலிசியில் அறுபத்தைந்து வயது உம்மாவும் இருந்தார். மகன் குடும்பம் கிளம்பும்போது நாலாயிரத்துச் சொச்சம் திரும்ப வரும் என்று பாலிசியையே ரத்து செய்துவிட்டார்கள். உம்மாவுக்கு சர்க்கரையும் இரத்த அழுத்தமும். பழைய பாலிசியில் அவர் காத்திருப்புக் காலத்தை எப்போதோ முடித்திருந்தார். இப்போது அவருக்குப் புதுப் பாலிசி, முதலிலிருந்து காத்திருப்பு. நாலாயிரம் ரூபாய்க்காக அதை இழந்தது இன்றைக்கும் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. என்னிடம் வந்திருந்தால் அந்தக் கடிதத்தை எழுதித் தந்திருக்கவே மாட்டேன்.

அப்படி ஒருவர் ஊரில் இருக்கிறார் என்றால், ரத்து என்ற சொல்லையே கடிதத்தில் எழுதாதீர்கள். போகிறவர்களை நீக்கிவிட்டு, இருப்பவரைத் தொடர்ச்சி முறியாமல் தனிப் பாலிசிக்கு மாற்ற முடியுமா, நடுவிலேயே செய்வீர்களா, புதுப்பிக்கும்போதுதானா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். புதுப்பிக்கும்போதுதான் என்றால் மீதிக் காசை மறந்துவிட்டு வருடம் முடியும்வரை பாலிசியை ஓட விடுங்கள்.

எங்கள் லாத்தாவின் பாலிசியில் அவர், கணவர், இரண்டு பிள்ளைகள் மட்டும். அவருடைய உம்மாவுக்குத் தனிப் பாலிசி. திரும்பி வரும் எண்ணமும் இல்லை. அதனால் ரத்து செய்வதே சரி என்று எனக்கும் பட்டது.

காசு கேட்கும் உரிமை எங்கிருந்து வருகிறது

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே 29 அன்று மருத்துவக் காப்பீட்டுக்கு ஒரு மாஸ்டர் சர்க்குலர் போட்டது. அதன்படி, பாலிசிதாரர் 7 நாள் முன்னறிவிப்பை எழுத்தில் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் பாலிசியை ரத்து செய்யலாம். ஒரு வருடம் வரையுள்ள பாலிசியாக இருந்து, அந்தக் காலத்தில் கிளைம் எதுவும் செய்யாமல் இருந்தால், ஓடாத நாட்களுக்கான பிரீமியத்தை விகிதப்படி கம்பெனி திருப்பித் தர வேண்டும்.

இதில் வெளிநாடு போவது என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். காரணம் எதுவானாலும் உரிமை ஒன்றுதான். விசா காட்டினால்தான் ரீஃபண்டு என்று யாராவது சொன்னால் அது விதியில் இல்லாதது. ஆனாலும் நான் கடிதத்தில் காரணத்தை எழுதுகிறேன். ஊரைவிட்டுப் போவதால் மின்னஞ்சல், போன், வங்கிக் கணக்கு எல்லாம் மாறப்போகிறது, அதைக் கம்பெனிக்குச் சொல்லியாக வேண்டும், அதற்காக.

இதற்கு முன்னால் பல பாலிசிகளில் வேறு கணக்கு இருந்தது. குறுகிய கால அட்டவணை என்பார்கள். ஒரு மாதத்துக்குள் ரத்து செய்தால் 75 சதவீதம், மூன்று மாதத்துக்குள் 50, ஆறு மாதத்துக்குள் 25, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அது அச்சடித்த பழைய பாலிசிப் புத்தகத்தில் இன்னும் கிடக்கலாம். கிளையில் இருப்பவர்களும் பழக்கத்தில் அதையே எடுத்துப் போடலாம். இந்தக் கடிதத்தின் மொத்த வேலையும் அந்த அட்டவணைக்குப் போகவிடாமல் நாள் கணக்கில் பிடித்து நிறுத்துவதுதான்.

கிளைம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஃப்ளோட்டர் என்பது ஒரே பாலிசி. பிள்ளைகளில் ஒருவருக்கு டெங்கு காய்ச்சலுக்கு கேஷ்லெஸ்ஸில் பார்த்திருந்தால்கூட, எல்லாருக்கும் சேர்த்து அந்த வருடம் கிளைம் ஆனதுதான். ரீஃபண்டு வராது. அப்படியானால் ரத்துக் கடிதமே வேண்டாம். காசு வராதபோது பாதுகாப்பை ஏன் முன்கூட்டியே விட வேண்டும்? வருடம் முடிந்து புதுப்பிக்காமல் விட்டால் போதும்.

இரண்டு, மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிய பாலிசியா? இன்னும் தொடங்காத வருடங்களுக்கான பிரீமியம் திரும்ப வர வேண்டும் என்று அதே சர்க்குலர் சொல்கிறது. கடிதத்தில் அந்த வருடத்தைத் தனியாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

பாலிசி கைக்கு வந்து 30 நாள்கூட ஆகவில்லையென்றால் அது ஃப்ரீ லுக் காலம், அதாவது படித்துப் பார்த்துவிட்டு வேண்டாமென்றால் பாலிசியைத் திருப்பிக் கொடுக்கும் காலம். அதற்கு வேறு கடிதம், வேறு கழிவுகள்.

தேதியும் கணக்கும்

எழுத உட்காருமுன் பாலிசி ஷெட்யூலின் முதல் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லாத்தாவின் ஷெட்யூலில் இருந்தது இது: பாலிசிக் காலம் 2025 அக்டோபர் 1 முதல் 2026 செப்டம்பர் 30 நள்ளிரவு வரை. பிரீமியம் 21,900 ரூபாய். 365 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்குச் சரியாக 60 ரூபாய்.

ரத்துத் தேதியாக எதை எழுதுவது? விமானம் 14-ஆம் தேதி ராத்திரி. நான் 16-ஆம் தேதியை எழுதினேன். விமானம் தள்ளிப்போனாலோ, சென்னைக்குப் போகிற வழியில் ஏதாவது ஆனாலோ, 15 நள்ளிரவு வரை பாதுகாப்பு இருக்க வேண்டும். இரண்டு நாளைக்கு 120 ரூபாய் போனால் போகட்டும். கிளம்புவதற்கு முந்தின நாளே ரத்து ஆகும்படி யாரும் எழுதாதீர்கள்.

7 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால் கடிதம் 5-ஆம் தேதியே கிளையில் போய்ச் சேர்ந்தது. கிளம்பும் வாரத்தில் ஓடினால் இந்த 7 நாள் கிடைக்காது, ரத்துத் தேதி தள்ளிப்போகும். டிக்கெட் எடுத்த அன்றைக்கே கடிதத்தைத் தொடங்கிவிடுவது நல்லது.

சரி, நாளை எண்ணுவோம். ஓடிய நாட்கள்: அக்டோபர் 31, நவம்பர் 30, டிசம்பர் 31, ஜனவரி 31, பிப்ரவரியில் 15. மொத்தம் 138. மீதி 365 - 138 = 227 நாள். ஒரு நாளைக்கு 60 வீதம்:

```
21,900 × 227 ÷ 365 = 13,620
```

இதே லாத்தாவுக்குப் பழைய அட்டவணையைப் போட்டால், நாலரை மாதம் என்பது ஆறு மாதத்துக்குள், அதாவது 25 சதவீதம், 5,475 ரூபாய். இரண்டுக்கும் நடுவில் 8,145.

லாத்தாவின் பாலிசியில் ஜி.எஸ்.டி. இல்லை, ஏனென்றால் 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு அந்த வரி நீக்கப்பட்டது. அதற்கு முன்னால் எடுத்த பாலிசி என்றால் நீங்கள் கட்டியதில் 18 சதவீத வரியும் இருக்கும். அப்போது பிரீமியம் இவ்வளவு, வரி இவ்வளவு என்று தனித்தனியாக எழுதி, இரண்டையும் விகிதப்படி கேளுங்கள். ஒன்றாகக் கலந்து எழுதினால் பின்னால் எது குறைந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

யார் கையெழுத்துப் போடுவது

நம் பக்கம் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. பாலிசி யார் பெயரில் இருக்கிறதோ, அதாவது ஷெட்யூலில் பாலிசிதாரர் என்று யாரைப் போட்டிருக்கிறதோ, அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். பிரீமியத்தை மனைவி தன் போனிலிருந்து கட்டியிருப்பார், ஆனால் பாலிசி துபாயிலோ மலேசியாவிலோ இருக்கும் கணவர் பெயரில் இருக்கும். மனைவி கையெழுத்துப் போட்ட கடிதம் இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வரும். அப்படி இருந்தால் கடிதத்தைக் கணவருக்கு அனுப்பி, அவர் கையெழுத்திட்டு ஸ்கேன் செய்து, பாலிசியில் பதிந்திருக்கும் அவருடைய மின்னஞ்சலிலிருந்தே கம்பெனிக்கு அனுப்பச் சொல்லுங்கள். லாத்தாவின் பாலிசி நல்லவேளையாக அவர் பெயரிலேயே இருந்தது.

பணம் எந்தக் கணக்குக்கு

வேலைக்கோ குடியேறவோ வெளிநாடு போய்விட்டால், இங்குள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும் என்பது அந்நியச் செலாவணி விதி. மாற்றும்போது சில வங்கிகளில் கணக்கு எண்ணே மாறிவிடும். நீங்கள் கடிதத்தில் பழைய எண்ணைக் கொடுத்திருப்பீர்கள், ரீஃபண்டு வரும் நேரத்தில் அந்தக் கணக்கு மூடியிருக்கும், பணம் கம்பெனிக்கே திரும்பிப் போகும். அதற்குப் பிறகு அதைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. வங்கியில் முன்கூட்டியே கேளுங்கள். எண் மாறும் என்றால் என்.ஆர்.ஓ. கணக்கைத் திறந்து அந்த எண்ணையும் அதன் கேன்சல்டு செக்கையும் கொடுங்கள்.

ஏஜென்ட் நல்லவராகவே இருக்கலாம், "என் கணக்குல போடச் சொல்லுங்க, நான் உங்க வீட்டுல கொடுத்துர்றேன்" என்று பாசத்தோடும் சொல்லலாம். ஒப்புக்கொள்ளாதீர்கள். காப்பீட்டுச் சட்டம் 1938-இன் 64வி.பி. பிரிவு, திரும்பத் தரும் பிரீமியத்தைக் காப்பீடு பெற்றவருக்கே நேரடியாகத் தர வேண்டும், எந்த நிலையிலும் ஏஜென்ட் கணக்கில் வரவு வைக்கக் கூடாது என்கிறது.

போன் நம்பரும் அப்படித்தான். பாலிசியில் பதிந்திருக்கும் சிம் கனடா போய் இறங்கியதும் அணைந்துவிட்டால், கம்பெனி அனுப்பும் ஓ.டி.பி.யும் குறுஞ்செய்தியும் யாருக்கும் போய்ச் சேராது. ரீசார்ஜ் செய்து ரோமிங்கில் வைத்திருங்கள், இல்லையென்றால் கிளம்புமுன் ஊரில் இருக்கும் தம்பியின் நம்பரைத் தொடர்பு எண்ணாகச் சேர்த்துவிடுங்கள்.

கடிதம்

லாத்தாவுக்கு எழுதியதை அப்படியே தருகிறேன். பெயரும் எண்களும் வரும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

அனுப்புநர்:
(பாலிசிதாரர் பெயர், ஷெட்யூலில் உள்ளபடி)
(முகவரி, கைபேசி எண், மின்னஞ்சல்)

பெறுநர்:
கிளை மேலாளர்,
(கம்பெனியின் பெயர்),
ராமநாதபுரம்.

நாள்: 05.02.2026

பொருள்: பாலிசி எண் ............ – 16.02.2026 முதல் ரத்து செய்யவும், மீதி 227 நாட்களுக்கான பிரீமியம் ரூ. 13,620 திருப்பித் தரவும் வேண்டுதல்.

ஐயா / அம்மையீர்,

மேற்கண்ட எண்ணுள்ள குடும்ப ஃப்ளோட்டர் மருத்துவ பாலிசியின் பாலிசிதாரர் நான். பாலிசிக் காலம் 01.10.2025 முதல் 30.09.2026 வரை. இதற்காக ரூ. 21,900 பிரீமியத்தை ஒரே தவணையில் செலுத்தியுள்ளேன்.

நானும் என் குடும்பத்தாரும் கனடாவில் நிரந்தரமாகக் குடியேறுகிறோம். ஆகவே இந்தப் பாலிசியை 16.02.2026 முதல் ரத்து செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தையே 7 நாள் எழுத்துமூல முன்னறிவிப்பாக எடுத்துக்கொள்ளவும். 15.02.2026 நள்ளிரவு வரை பாலிசி நடப்பில் இருக்க வேண்டும்.

இந்தப் பாலிசிக் காலத்தில் பாலிசியில் உள்ள நால்வரில் எவருக்கும் கேஷ்லெஸ் முறையிலோ பணம் திரும்பப் பெறும் முறையிலோ எந்தக் கிளைமும் செய்யவில்லை. நிலுவையிலும் எதுவும் இல்லை.

ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 29.05.2024 அன்று வெளியிட்ட மருத்துவக் காப்பீட்டு மாஸ்டர் சர்க்குலரின்படி, ஓடாத காலத்துக்கான பிரீமியம் விகிதப்படி எனக்குத் திரும்ப வர வேண்டும். கணக்கு: ஓடிய நாட்கள் 138, மீதி நாட்கள் 227. ரூ. 21,900 × 227 ÷ 365 = ரூ. 13,620. குறுகிய கால அட்டவணைப்படி கணக்கிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தத் தொகையில் ஏதேனும் கழிப்பதாக இருந்தால், எந்த விதியின் கீழ் எவ்வளவு என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.

தொகையை என் பெயரிலுள்ள கீழ்க்கண்ட என்.ஆர்.ஓ. கணக்கில் நேரடியாகச் செலுத்தவும்: வங்கி ............, கிளை ............, கணக்கு எண் ............, ஐ.எஃப்.எஸ்.சி. ............

14.02.2026-க்குப் பிறகு என்னை மேற்கண்ட மின்னஞ்சலில் மட்டுமே தொடர்புகொள்ள முடியும். ஊரில் என் சகோதரர் (பெயர், கைபேசி எண்) இந்தக் கடிதத்தின் நிலையை விசாரிக்க அதிகாரம் பெற்றவர். பணம் பெறும் அதிகாரம் அவருக்கு இல்லை.

ரத்தானதை உறுதி செய்யும் கடிதத்தையும், ரீஃபண்டு கணக்கையும் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
(கையெழுத்து, பாலிசியில் உள்ளபடி)

இணைப்பு: பாலிசி ஷெட்யூல் நகல், பாலிசிதாரரின் அடையாள நகல், கேன்சல்டு செக்.

பொருள் வரியிலேயே தேதி, நாள் எண்ணிக்கை, தொகை மூன்றும் வந்துவிடுவதைப் பாருங்கள். கிளையில் இருப்பவர் முழுக் கடிதத்தையும் படிக்காமல் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பலாம், அங்கே இருப்பவர் பொருளை மட்டும் பார்த்து வேலையை முடிக்கலாம். தமிழ் தெரியாத ஒருவர் மேஜைக்குப் போனாலும் எண்கள் பேசும். "கருணை கூர்ந்து", "தாங்கள் பெரிய மனது வைத்து" போன்றவற்றை நான் எழுதுவதில்லை. நம் காசை விதிப்படி கேட்கிறோம், மரியாதையாகக் கேட்டால் போதும்.

கழிவு இருந்தால் விதியைச் சொல்லுங்கள் என்ற வரியை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். பின்னால் குறைத்துத் தரும்போது பிடித்துக்கொள்ள அதுதான் கயிறு.

அடையாளத்துக்குப் பாஸ்போர்ட்டின் நகல் போதும், மூலத்தை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். விசா நகலை நான் இணைப்பதில்லை. கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

கொடுப்பது

இரண்டு பிரதி எடுத்து ராமநாதபுரம் கிளைக்கு நேரில் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியோடு முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். "சிஸ்டத்துல போட்டுட்டோம், சீல் எல்லாம் வேணாம்" என்பார்கள். அப்படியானால் சேவை எண்ணையாவது அந்தப் பிரதியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். 7 நாள் எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கியது என்பதற்கு அந்தத் தாளைத் தவிர வேறு சாட்சி கிடையாது. நேரில் போக முடியாவிட்டால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

அதே நாளில், பதிந்திருக்கும் மின்னஞ்சலிலிருந்து கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை முகவரிக்கும், முத்திரை விழுந்த பிரதியின் படத்தோடு அனுப்பிவிடுங்கள். ஊரைவிட்டுப் போன பிறகு நடக்கப்போகிற பேச்செல்லாம் இந்த மின்னஞ்சல் தொடரில்தான். ஏஜென்டுக்கு வாட்ஸப்பில் அனுப்புவது தகவல் சொன்னதாகும், முன்னறிவிப்பு கொடுத்ததாகாது.

வந்த தொகையைச் சரிபார்ப்பது

மார்ச் கடைசியில் லாத்தாவின் கணக்கில் பணம் வந்தது. 5,475 ரூபாய். கடிதத்தில் அவ்வளவு தெளிவாக எழுதியும் பழைய அட்டவணையையே போட்டிருந்தார்கள். லாத்தா கனடாவிலிருந்து போன் செய்து, "வந்த வரைக்கும் போதும்னு விட்டுரலாமா தம்பி?" என்று கேட்டார். விட வேண்டாம் என்றேன்.

என்ன தவறு நடந்திருக்கிறது என்பதை வந்த தொகையே காட்டிக் கொடுக்கும். முதலில் அதைக் கட்டிய பிரீமியத்தால் வகுங்கள். சரியாக 75, 50, 25 சதவீதம் என்று வந்தால் அது பழைய அட்டவணை. லாத்தாவுக்கு 5,475-ஐ 21,900-ஆல் வகுத்தால் அப்பட்டமாக 25 சதவீதம்.

அப்படி முழு எண்ணாக வரவில்லையென்றால் ஒரு நாள் விலையால் வகுங்கள். உதாரணமாக 12,960 வந்திருந்தால், 60-ஆல் வகுக்க 216 நாள். கேட்டது 227. பதினோரு நாள் எங்கே போனது? ரத்துத் தேதியை 16-இல் வைக்காமல் 27-ஆம் தேதிக்குத் தள்ளியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதாவது, நீங்கள் கேட்ட தேதியை விட்டுவிட்டு, அவர்கள் கோப்பை எடுத்துப் பார்த்த தேதியைப் போட்டிருக்கிறார்கள். முத்திரை போட்ட பிரதி இருந்தால் இதைக் கேட்டு வாங்கலாம். வகுத்தபோது நாள் எண்ணிக்கை பின்னமாக வந்தால் ஏதோ ஒரு தொகையைக் கழித்திருக்கிறார்கள். அது என்ன, எந்த விதி என்று கேட்க வேண்டும்.

லாத்தா தன் மின்னஞ்சலிலிருந்து கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதியது நாலே வரிதான். 05.02.2026 கடிதத்தின் நகலை இணைத்திருக்கிறேன். வர வேண்டியது 13,620, வந்தது 5,475, இது 25 சதவீத அட்டவணைப்படி போட்ட கணக்கு. 2024 மே 29 சர்க்குலரின்படி நாள் விகிதத்தில் வர வேண்டும். மீதி 8,145-ஐ அதே கணக்கில் போடவும், மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரவும். இவ்வளவே. கோபத்தையோ கதையையோ அதில் சேர்க்கவில்லை. முதல் கடிதத்திலேயே நாள் கணக்கு இருந்ததால் புதிதாக நிரூபிக்க எதுவும் இல்லை. ஏஜென்டின் அந்த ஒற்றை வரிக் கடிதம் போயிருந்தால் இந்த நாலு வரியை எழுதவே முடிந்திருக்காது. பன்னிரண்டாம் நாள் 8,145 ரூபாய் என்.ஆர்.ஓ. கணக்கில் விழுந்தது.

அதற்கும் அசையாவிட்டால்

ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளமான bimabharosa.irdai.gov.in-இல் புகாரைப் பதியலாம். 155255 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. ஆனால் வெளிநாட்டிலிருந்து போனைவிடத் தளமே வசதி. பதிந்ததும் ஒரு டோக்கன் எண் வரும், புகார் கம்பெனிக்கே போய்ச் சேரும். ஆணையமே தீர்ப்புச் சொல்வதில்லை, ஆனால் ஆணையம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதால் பெரும்பாலும் இங்கேயே கோப்பு நகர்ந்துவிடும்.

கம்பெனி மறுத்துவிட்டாலோ, நீங்கள் எழுதி ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லாவிட்டாலோ, காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. cioins.co.in தளம் வழியாக எந்த நாட்டிலிருந்தும் புகார் கொடுக்கலாம். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். புதிய ஊரில் வீடு, பள்ளிக்கூடம் என்று அலைவதில் அந்த வருடம் கண்ணுக்குத் தெரியாமல் ஓடிவிடும், அதனால் மறுப்புக் கடிதம் வந்த தேதியை அன்றைக்கே எங்காவது குறித்து வையுங்கள். முத்திரை விழுந்த பிரதி, ஷெட்யூல், வங்கியில் வந்த தொகையைக் காட்டும் பக்கம், குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதிய மின்னஞ்சல், இந்த நாலும் அங்கே போதும்.